ஒரே இரவில் ஆசிடும் ரெட்டினாலும் ஏன் வேண்டாம்?

சென்ற ஆடியில் சித்தி மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முகம் கழுவிவிட்டு வந்தவள், "அக்கா, வெறும் தண்ணி பட்டாலே எரியுது" என்றாள். மூக்கின் இரு பக்கமும் தோல் பொடிச் செதிலாக உரிந்திருந்தது. கன்னம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது, தொட்டுப் பார்த்தால் காய்ந்த காகிதம். நான் 11 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறவள் என்பதால், என்ன நடந்திருக்கும் என்று பாதி புரிந்துவிட்டது. "ராத்திரி முகத்துக்கு என்னென்ன போடுற? எல்லாத்தையும் எடுத்து வை" என்றேன்.

நான்கு பொருள்களை மேசையில் வரிசையாக வைத்தாள். 2 சதவீத சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், 7 சதவீத கிளைகாலிக் ஆசிட் டோனர், 0.1 சதவீத அடாப்பலின் ஜெல், கடைசியாக 0.3 சதவீத ரெட்டினால் சீரம். இதே வரிசையில், ஒரே இரவில், மூன்று வாரமாக. பருவும் பரு விட்டுப்போன கறுப்புத் தழும்பும்தான் அவள் பிரச்சினை. தனித்தனியாகப் பார்த்தால் நான்குமே அதற்கு ஏற்ற பொருள்கள். கடையில் கேட்டிருந்தால் எதையும் "இது தப்பு" என்று நானே சொல்லியிருக்க மாட்டேன்.

தப்பு எங்கே என்று புரிய, தோலின் மேல்பகுதியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தோலின் வெளி ஓரத்தில் இறந்துபோன தட்டையான செல்கள் 15, 20 அடுக்காகப் படிந்திருக்கின்றன. செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளலாம். செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் கலந்த ஒரு சாந்து. பக்கத்துச் செங்கலோடு பிடித்துக்கொள்ளப் புரதத்தாலான சின்னச் சின்னக் கொக்கிகளும் உண்டு. மொத்தச் சுவரும் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஆனாலும் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் சோப்பும் வியர்வையும் தூசியும் உள்ளே போகாமலும் காப்பது அதுதான்.

கிளைகாலிக், லாக்டிக், மாண்டெலிக் போன்ற ஆசிடுகள் இந்தச் சுவரை மேலிருந்து தொடுகின்றன. செல்களைப் பிடித்திருக்கும் கொக்கிகளைத் தளர்த்துகின்றன. ஏற்கெனவே உதிரக் காத்திருந்த செல்கள் சீக்கிரம் உதிர்கின்றன, முகம் பளிச்சென்று தெரிகிறது. கரும்பில் இயல்பாகவே இருக்கும் கிளைகாலிக் இவற்றில் மிகச் சிறிய மூலக்கூறு, அதனால் வேகமாக உள்ளே இறங்கும். தயிரில் இருக்கும் லாக்டிக் கொஞ்சம் பெரியது. மாண்டெலிக் கிளைகாலிக்கைப் போல இரண்டு மடங்கு எடை, ஆகவே மெதுவாக இறங்கும், எரிச்சலும் குறைவு. சாலிசிலிக் வேறு ரகம். அது எண்ணெயில் கரையும் என்பதால் எண்ணெய் அடைத்த துளைகளுக்குள் போகும்.

பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தை மட்டும் வைத்து ஆசிடின் வீரியத்தைக் கணக்கிட முடியாது. அமிலத்தன்மை எவ்வளவு என்பதும் முக்கியம். அதைச் சொல்லும் எண்தான் பிஎச், எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். பிஎச் 3.8 அளவில் இருந்தால் கிளைகாலிக்கில் ஏறக்குறைய பாதி வேலை செய்யும் நிலையில் இருக்கும். பிஎச் 5 ஆகிவிட்டால் அதில் பெரும்பகுதி உப்பாக மாறிச் சும்மா இருக்கும். அதனால்தான் ஒரு கம்பெனியின் 10 சதவீதம் ஒன்றும் செய்யாமல் போவதும், இன்னொன்றின் 5 சதவீதம் சுள்ளென்று பிடிப்பதும் நடக்கிறது. வீட்டில் தினசரி போடும் பொருளில் கிளைகாலிக், லாக்டிக் வகை ஆசிட் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிஎச் 3.5க்குக் கீழே போகக் கூடாது என்பது அழகுப் பொருள்களை ஆராயும் அமெரிக்க நிபுணர் குழு வகுத்த வரம்பு. வாங்கும்போது மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இனி ரெட்டினாய்டு. இது வைட்டமின் ஏ குடும்பம். ரெட்டினால் தோலுக்குள் போய் இரண்டு படி மாறி ரெட்டினாயிக் ஆசிடாக ஆன பிறகுதான் வேலை செய்யும். ட்ரெட்டினாயின் என்பது அந்தக் கடைசிப் படியில் இருக்கும் மருந்தேதான், அதனால் வீரியம் அதிகம். அடாப்பலின் ஆய்வகத்தில் செய்தது. அதே பூட்டைத் திறக்கும் வேறொரு சாவி. இவையெல்லாம் மேலே இருக்கும் செங்கலைத் தொடுவதில்லை. கீழே, புதுச் செல் பிறக்கும் இடத்துக்குப் போய், செல்லின் கருவுக்குள்ளேயே கட்டளையை மாற்றுகின்றன. செல்கள் வேகமாகப் பிறந்து மேலே ஏறுகின்றன. பரு வரும் துளைகள் அடைபடாமல் இருப்பதும், கறுப்பு படிந்த செல்கள் சீக்கிரம் வெளியேறுவதும் இப்படித்தான். ஆனால் முதல் சில வாரங்களில் இந்த வேகத்துக்கு ஏற்றபடி சாந்து தயாராகாது. சுவர் அவசரமாகக் கட்டியதுபோல் இருக்கும். ரெட்டினாய்டு தொடங்கிய பலருக்கும் முதல் மாதத்தில் கொஞ்சம் காய்வதும் உரிவதும் அதனால்தான்.

இப்போது இரண்டையும் ஒரே இரவில் வைத்துப் பாருங்கள். கீழே அவசரக் கட்டுமானம், மேலே செங்கலைப் பெயர்க்கும் வேலை. சாந்து காய நேரமே இல்லை. சுவர் மெலிந்தால் இன்னொன்றும் நடக்கிறது: அதன்மேல் போடும் எதுவும் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போகும். ஆசிட் போட்டு முடித்த முகத்தில் தடவிய 0.1 சதவீத அடாப்பலின், அதைவிட வீரியமான மருந்துபோல நடந்துகொள்ளும். என் சித்தி மகள் போட்ட வரிசை அப்படியே இதுதான். முதலில் கதவைத் திறந்துவிட்டு, அப்புறம் மருந்தை ஒன்றுக்கு இரண்டாக உள்ளே அனுப்பியிருக்கிறாள்.

"ஆசிட் ரெட்டினாலைச் செயலிழக்க வைத்துவிடும், அதனால்தான் சேர்க்கக் கூடாது" என்று ஒரு விளக்கம் பரவலாகச் சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு டோனர் தோலின் மேற்பரப்பில் கொஞ்ச நேரத்துக்கு அமிலத்தன்மையை மாற்றுமே தவிர, ரெட்டினால் மாறும் உள்ளடுக்கில் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. மருந்து வீணாகிறது என்பதல்ல பிரச்சினை, தோல் தாங்கவில்லை என்பதே. இந்த வித்தியாசம் முக்கியம். வீணாவதுதான் பிரச்சினை என்றால், இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் விட்டால் போதும் என்று தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தோலுக்கு விழும் சுமை அரை மணி நேரத்தில் இறங்கிவிடாது.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இதில் கூடுதல் விலை ஒன்று உண்டு. எரிந்து சிவந்த இடம் ஆறும்போது கறுத்துப் போகும். நிறமி செல்கள் எரிச்சலுக்குக் கொடுக்கும் பதில் அது. அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும். தழும்பு போகவேண்டும் என்று ஆரம்பித்தவள், மூக்கோரத்தில் புதிதாக இரண்டு கறுப்புப் பட்டையை வாங்கிக்கொண்டாள்.

வெயிலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆதரித்த ஓர் ஆய்வில், கிளைகாலிக் வகை ஆசிடை 4 வாரம் போட்டவர்களின் தோல் புற ஊதா ஒளிக்கு 18 சதவீதம் கூடுதலாகச் சிவந்தது. நிறுத்திய ஒரே வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆசிட் போடுகிற நாட்களில் மட்டுமல்ல, விட்டபின் ஒரு வாரம்வரைகூட சன்ஸ்கிரீன் வேண்டும் என்பது இதனால்தான்.

உண்மையிலேயே ஒன்றையொன்று கெடுக்கும் ஜோடி ஒன்று இருக்கிறது. அது பென்சாயில் பெராக்சைடும் ட்ரெட்டினாயினும். பென்சாயில் பெராக்சைடு பருக் கிருமியைக் கொல்லும் ஆக்சிஜனை வெளியிடும் மருந்து. ட்ரெட்டினாயின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் எளிதில் சிதையும். 1998இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டையும் கலந்து வெளிச்சத்தில் வைத்தபோது, 2 மணி நேரத்தில் ட்ரெட்டினாயினில் பாதிக்குமேல் சிதைந்தது, 24 மணி நேரத்தில் 95 சதவீதம் போய்விட்டது. அதே சோதனையில் அடாப்பலின் அசையாமல் இருந்தது. அதனால்தான் அடாப்பலினையும் பென்சாயில் பெராக்சைடையும் ஒரே ட்யூபில் சேர்த்து விற்கிறார்கள். சாதாரண ட்ரெட்டினாயின் க்ரீம் உங்களிடம் இருந்தால், பென்சாயில் பெராக்சைடைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். சரி, அடாப்பலினோடு அது கெடாது என்பதற்காக எரிச்சல் தராது என்று அர்த்தமில்லை. அந்த ஒரே ட்யூப் மருந்தும் புதியவர்களுக்கு நன்றாகவே காயவைக்கும்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாதவையும் உண்டு. ஹையாலுரானிக் ஆசிட் பெயரில் மட்டும்தான் ஆசிட். ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள் அது, ரெட்டினாய்டோடு தாராளமாகப் போடலாம். நியாசினமைடும் அப்படித்தான். வைட்டமின் சி சீரம் நல்ல அமிலத்தன்மை உள்ளது, ஆனால் காலையில் போடுகிற பொருள் என்பதால் இரவுச் சண்டைக்கே வராது.

பெயரில் இல்லாமல் ஒளிந்திருப்பவைதான் கவலை. எலுமிச்சைச் சாறு கலந்த கடலைமாவுப் பூச்சு அதில் ஒன்று. எலுமிச்சையின் பிஎச் 2 அளவில் இருக்கும், கடையில் வாங்கும் பெரும்பாலான ஆசிட் டோனர்களைவிடவும் அமிலத்தன்மை அதிகம். "வீட்டுப் பொருள்தானே" என்று அடாப்பலின் போடும் வாரத்தில் அதைத் தடவிக்கொண்டு வந்து நிற்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொன்று, மருந்துக்கடையில் "அந்த வெள்ளையாக்கும் நைட் க்ரீம்" என்று கேட்டு வாங்கிப் போகும் மூன்று மருந்துக் கலவை. அதில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் இருக்கும். சரியான ஆளுக்கு, சில வாரங்களுக்கு, தோல் மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்து. வாங்குகிறவருக்கு அதில் ரெட்டினாய்டு இருப்பதே தெரியாது, அதன்மேல் கிளைகாலிக்கும் போடுவார். ஆனாலும் எரியாது! ஸ்டீராய்டு எரிச்சலை அமுக்கி வைத்திருக்கும். சுவர் மெலிந்துகொண்டே போவது தெரியாமல் மாதங்கள் ஓடும். என்றைக்கு அந்த க்ரீமை நிறுத்துகிறார்களோ அன்றைக்குச் சிவப்பும் எரிச்சலும் மொத்தமாக வெளியே வரும். இந்த க்ரீமை மாதக்கணக்கில் போட்டு வந்தவர்கள் இந்தக் கட்டுரையைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் போவதுதான் வழி.

சித்தி மகளிடம் வருகிறேன். முதல் வேலையாக நான்கையும் நிறுத்தச் சொன்னேன். நுரை குறைந்த சாதாரண க்ளென்சர், வாசனை சேர்க்காத செராமைடு மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். எத்தனை நாள் என்று நாள்காட்டியைப் பார்க்கச் சொல்லவில்லை. மாய்ஸ்சரைசர் தடவும்போது தொடர்ந்து மூன்று நாள் துளிகூட எரியாமல் இருந்தால் தோல் தயார் என்று அடையாளம் சொன்னேன். அவளுக்கு 16 நாள் ஆனது.

அப்புறம் ஒன்றை மட்டும் திரும்ப எடுத்தோம்: அடாப்பலின். பருவும் தழும்பும் இரண்டுமே இருப்பவளுக்கு இந்த நான்கில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவே. ரெட்டினால் சீரத்தை மூடி வைக்கச் சொன்னேன். ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு பேரை வேலைக்கு வைத்துக்கொள்வதில் லாபமில்லை, தோல் காய்வதுதான் இரட்டிப்பாகும். முதல் நான்கு வாரம் ஞாயிறும் புதனும் மட்டும். முகம் கழுவி, நன்றாக உலர 15, 20 நிமிடம் விட்டு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. ஈரத் தோல் மருந்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால் இந்த உலர்த்தல். மூக்கோரம், உதட்டோரம், கண்ணுக்குக் கீழே ஆகிய இடங்களில் மருந்து தேங்கும், அதனால் அங்கே முதலில் மாய்ஸ்சரைசரைப் பூசிவிட வேண்டும். பருவுக்கு மேல் மட்டும் புள்ளி வைப்பது பயன்தராது. அடாப்பலின் வரப்போகும் பருவைத் தடுக்கிற மருந்து, வந்ததை அமுக்குவதல்ல.

ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். அங்கேயே இரண்டு மாதம் நின்றோம். அடாப்பலினின் பலன் தெரியவே 8 முதல் 12 வாரம் ஆகும் என்பதால் அவசரப்பட ஒன்றுமில்லை. நடுவில் நாலாவது வாரம் தாடையில் சின்னப் பருக்கள் கூடின. பயந்து போன் செய்தாள். எப்போதும் பரு வரும் அதே இடத்தில்தான் வந்திருந்தது, தோல் எரியவில்லை. இது ரெட்டினாய்டு ஆரம்பத்தில் அடைபட்டதை வெளியே தள்ளும் கட்டம், சில வாரத்தில் அடங்கும். இதுவரை பரு வராத கன்னத்திலோ நெற்றியிலோ சொரசொரவென்று சிவந்து, எரிச்சலோடு வந்திருந்தால் கதை வேறு. அது தோல் தாங்கவில்லை என்ற செய்தி, அப்போது இடைவெளியை நீட்ட வேண்டும்.

ஆசிடுக்கு இடம் கொடுத்தது மூன்றரை மாதத்துக்குப் பிறகு. அதுவும் கிளைகாலிக் இல்லை, 5 சதவீத லாக்டிக். சனி இரவு ஆசிட், வெள்ளியும் ஞாயிறும் ஒன்றுமில்லை, மற்ற இரவுகளில் பழையபடி ஒன்று விட்டு ஒன்று அடாப்பலின். ஒரு நாள் ஆசிட், மறுநாள் ரெட்டினாய்டு என்று மாற்றி மாற்றிப் போடும் முறையை நிறையப் பேர் சொல்கிறார்கள். பழகிய, தடித்த தோலுக்கு அது சரிப்படலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். ரெட்டினாய்டு போட்ட கட்டளை விடிந்ததும் தீர்ந்துவிடாது. ஓர் இரவு போட்டதன் வேலை மறுநாளும் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். வெறும் இரவு என்பது சோம்பல் இல்லை, சாந்து காய்வதற்கான நேரம். சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் கழுவிவிடும் பொருள்தான், சுமை குறைவு. இருந்தாலும் அதையும் வாரம் இரண்டு காலைகளுக்குத் தள்ளினோம்.

தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் ஒரே இரவில் போட்டுவிட்டால்? நடக்கிறதுதான். வெறும் தண்ணீரால் கழுவி, மாய்ஸ்சரைசரைத் தடிமனாகப் போட்டுப் படுங்கள். ஆசிடைச் சமன் செய்கிறேன் என்று சமையல் சோடா தேய்த்தால் புண்ணில் உப்பு வைத்த கதைதான். அடுத்த மூன்று, நான்கு இரவு எதுவும் வேண்டாம். ஒரு நாள் பிசகால் தோல் கெட்டுவிடாது. கண் இமை வீங்கினாலோ, கொப்புளமோ நீர்க்கசிவோ தெரிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவரே இரண்டையும் எழுதிக் கொடுத்திருந்தால், நான் மேலே சொன்ன கணக்கை வைத்து அதை மாற்ற வேண்டாம். அவர் உங்கள் தோலைப் பார்த்துக் கொடுத்தது. கிளினிக்கில் பீலிங் செய்யப் போகிறீர்கள் என்றால் ரெட்டினாய்டு போடுவதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், அதற்கு முயல்பவர்களுக்கும் ரெட்டினாய்டு எந்த இரவிலும் வேண்டாம்.

பார்லருக்குப் போவதைப் பற்றி அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். தீபாவளிக்கு முந்திய வாரம் மேலுதட்டில் த்ரெட்டிங் செய்துகொண்டு, அந்த இடத்தில் தோல் நூலோடு சேர்ந்து உரிந்து வந்தபின்தான் போன் வந்தது. ரெட்டினாய்டால் மெலிந்த சுவரில் நூல் முடியோடு செங்கலையும் இழுத்துவிடும், வாக்ஸிங் இன்னும் மோசம். ஆசிடும் ரெட்டினாய்டும் நிறுத்தி ஒரு வாரமாவது ஆன பிறகு போகவேண்டும். இப்போது பார்லருக்குத் தேதி குறிக்கும்போதே ஜெல்லை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுகிறாளாம். அந்த 7 சதவீத கிளைகாலிக் பாட்டில் வீணாகவில்லை. முழங்கைக் கறுப்புக்குத் தடவிக்கொண்டிருக்கிறாள், முக்கால்வாசி காலி.